அடையாள அட்டைப் படத்தில் இருந்து அப்பாவைக் குடும்பப் படத்தில் சேர்ப்பது: லேயரா, ஜெனரேட்டரா?

கரைச்சிப்பெடியன் | திங்கள், இரவு 9.40

வணக்கம். கிளிநொச்சியில் சின்ன ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். ஒரு வேலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், அனுபவமுள்ள ஆட்கள் வந்து சொல்லுங்கள்.

வட்டக்கச்சியில் ஒரு அக்கா. மகளின் கலியாண வீட்டில் முற்றத்தில் எடுத்த குடும்பப் படத்தில் கணவரைச் சேர்த்துத் தரச் சொல்கிறா. அவர் 2009இல் இறந்தவர். இடம்பெயர்ந்ததில் அல்பம் எல்லாம் போய், அவவின் கைப்பைக்குள் இருந்த அவரது பழைய அடையாள அட்டை மட்டும் மிஞ்சியிருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம், மேலே லமினேற் பண்ணியது. மணப்பெண்ணுக்கும் தாய்க்கும் நடுவில் அவர் முழு உருவமாய் நிற்க வேண்டும். 12க்கு 18 அங்குலத்தில் பிறின்ற். கனடாவில் இருந்து வந்த மகன் ஞாயிறு திரும்புகிறார், அதற்குள் கொடுக்க வேண்டும்.

இரண்டு வழியும் பார்த்துவிட்டேன். போட்டோஷொப்பில் கையால் வெட்டி, வேறொரு கலியாணப் படத்தில் இருந்த வேட்டி கட்டிய உடம்பில் தலையை வைத்தேன். ஐந்து மணித்தியாலம் போனது. முகம் அவர்தான், ஆனால் வெட்டி ஒட்டிய தலை என்று குழந்தைப் பிள்ளையும் சொல்லும். அப்புறம் ஏஐ படம் வரையும் ஜெனரேட்டரில் அந்த இடத்தை மாஸ்க் பண்ணி, அட்டைப் படத்தையும் மாதிரிக்குக் கொடுத்து நிரப்ப விட்டேன். பத்து நிமிடம். வெளிச்சம், நிழல், வேட்டி மடிப்பு எல்லாம் அசல் மாதிரி. நிற்கிறவர்தான் யாரோ ஒரு ஆள்! பின்னால் நின்ற பனையையும் ஈச்சை மரம் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறது.

நேரத்தைப் பார்த்தால் இரண்டாவது, ஆளைப் பார்த்தால் முதலாவது. நீங்கள் என்றால் எதில் தொடங்குவீர்கள்?

மாங்குளம்சந்தி | திங்கள், இரவு 10.05

தலைப்பைப் பார்த்துவிட்டு கரண்ட் போனால் ஸ்ரூடியோவுக்கு எந்த ஜெனரேட்டர் நல்லது என்று கேட்கிறீர்கள் என்றல்லவா வந்தேன். ஹொண்டா ஒன்று விற்கவும் இருக்கிறது.

சரி, வந்ததற்கு எனக்கும் ஒரு சந்தேகம். குடும்பப் படத்தில் மாமா ஒருவர் கண்ணை மூடிவிட்டார். அதை ஏஐயில் திறக்கலாமா?

கொக்கிளாய் | திங்கள், இரவு 10.30

தம்பி, ஐந்து மணித்தியாலம் ஒரு படத்தில் இருந்தால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். மரண அறிவித்தல், முப்பத்தொன்று, அந்தியேட்டிக் கல்வெட்டு என்று எனக்கு மாதத்தில் எத்தனையோ வருகிறது. சறத்தோடு நிற்கிற ஐயாவுக்கு கோட் போட வேண்டும், பின்னுக்கு நிற்கிற மாட்டை எடுக்க வேண்டும். முன்பு ஒரு மணித்தியாலம் எடுத்த வேலை, இப்போது தேநீர் ஆறுவதற்குள் முடிகிறது. ஒருவரும் குறை சொன்னதில்லை.

உங்களுக்கு வந்த பிழை, ஒரு தடவையோடு விட்டதுதான். இருபது முப்பது தடவை விட்டுப் பாருங்கள், ஒன்றாவது அவரைப்போல வரும்.

வவுனிக்குளத்தான் | செவ்வாய், காலை 6.15

கொக்கிளாய் அண்ணை சொல்வது கோட்டுக்கும் மாட்டுக்கும் சரி. கோட் யாருடையது என்று யாரும் கேட்க மாட்டார்கள். முகத்துக்கு அது ஓடாது. முப்பது தடவை விட்டால் அவரைப்போல முப்பது பேர் வருவார்கள், அவர் வர மாட்டார். ஜெனரேட்டர் உங்கள் படத்தை எடுத்து ஒட்டுவதில்லை. பார்த்துவிட்டுத் தானே புதிதாய் வரைகிறது.

ஏன் அவ்வளவு விலகுகிறது என்பதற்கு ஒரு கணக்குப் போடுகிறேன். உங்கள் கமரா 24 மெகாபிக்சல் என்றால் படம் 6000க்கு 4000. முழு உருவமாய் நிற்கிற ஒருவரின் தலை அதில் ஏறக்குறைய 320 பிக்சல் உயரம் இருக்கும். ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகைக் கருவிக்கு முழுப் படத்தையும் கொடுத்தால், வழக்கமாய் அதை 1024 போன்ற அகலத்துக்குச் சுருக்கித்தான் வேலை செய்யும். அப்போது தலை 55 பிக்சலுக்கு இறங்கிவிடும். அதற்கு மேல், அது படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கொண்ட கட்டங்களாகச் சுருக்கி வைத்துத்தான் யோசிக்கிறது. ஆக, ஒரு தலைக்கு ஏழு கட்டம் உயரம். கண்ணுக்கு ஒரு கட்டமே முழுதாய்க் கிடைக்காது. அதற்குள் ஒரு மனிதரின் சாயலை எங்கே வைப்பது? கிடைத்த இடத்தில் பொதுவாய் ஒரு முகத்தை வரைந்து விடுகிறது.

தம்பி, மூன்று விசயம் சொல்லுங்கள். முற்றத்தில் படம் எடுத்தது எத்தனை மணிக்கு? நிலம் என்ன, மணலா கிரவலா? இறந்தவருக்குச் சகோதரம் யாராவது இங்கே இருக்கிறார்களா?

கரைச்சிப்பெடியன் | செவ்வாய், காலை 8.20

காலை ஒன்பதரை. வெயில் இடது பக்கம் இருந்து, மாமர நிழலின் ஓரத்தில் நிற்கிறார்கள். நிலம் சிவப்புக் கிரவல். தம்பிக்காரர் இருக்கிறார், தருமபுரத்தில். உயரம் உடம்பெல்லாம் அண்ணரைப்போல என்று அக்கா சொன்னவ. ஏன் கேட்கிறீர்கள்?

முறிப்பான் | செவ்வாய், காலை 9.00

`Inpaint area` என்ற இடத்தில் `Only masked` என்று மாற்றுங்கள். அப்போது முழுப் படத்தையும் சுருக்காது, மாஸ்க் பண்ணிய துண்டை மட்டும் பெரிதாக்கி வரைந்து திரும்ப வைக்கும். அந்த ஏழு கட்டப் பிரச்சினை அதோடு முடிந்தது. முதலில் கையால் தலையை ஒட்டி, அதன் மேல் `Denoising strength`, அதாவது எவ்வளவு மாற்றி வரையலாம் என்ற அளவு, 0.3இல் ஒரு தடவை ஓட்டினால் வெளிச்சம், ஓரம் எல்லாம் தானே கலந்து வரும். 0.3இல் முகம் மாறாது. இவ்வளவுக்கு ஏன் இத்தனை கதை?

பாலையடி | செவ்வாய், மதியம் 1.10

முறிப்பான் அண்ணா, நான் செய்ததும் அச்சாக இதுதான். புதுக்குடியிருப்பில் அம்மம்மாவுக்கு, தாத்தாவின் படத்தில். 0.3தான். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. அம்மம்மா படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது அவற்றை தம்பியோ?" என்று கேட்டா. தாத்தாவுக்குத் தம்பியே இல்லை.

பிறகு இரண்டையும் மேலும் கீழும் வைத்துப் பார்த்தேன். இடது கண் இமை கொஞ்சம் தொங்கி இருக்கும், அதை நேராக்கி விட்டது. காதுச் சோணையில் ஒரு வெட்டு, அதுவும் இல்லை. கூட வாழ்ந்த ஆளுக்கு அதுதான் முகம்.

வவுனிக்குளத்தான் | செவ்வாய், இரவு 8.45

பாலையடி சொன்னதுதான் பதில். முறிப்பான் சொன்னதில் பாதி சரி: `Only masked` போட்டால் முகம் தெளிவாய் வரும். தெளிவாய் வருவது வேறு, அவராய் வருவது வேறு. 0.3 என்றாலும் அது தன் மனதில் உள்ள சராசரி முகத்தின் பக்கம் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். இமை நேராகும், மூக்கு ஒழுங்காகும், தோல் வழுவழுப்பாகும். எல்லாம் அழகு பக்கமே போவதால் பிழையாய்க் கண்ணில் படாது.

இனித் தம்பியின் வேலைக்கு வருகிறேன். கையால் செய்தது ஏன் ஒட்டின தலை மாதிரி இருக்கிறது? தலையால் அல்ல, உடம்பால். எங்கோ எடுத்த உடம்பு, வேறு வெயில், வேறு நிலம். அந்த உடம்பை இந்த முற்றத்துக்குக் கொண்டுவரத்தான் உங்கள் ஐந்து மணித்தியாலமும் போயிருக்கிறது. அதற்குப் பதில், நாளைக் காலை தம்பிக்காரரை வேட்டி சட்டையோடு கூட்டிக்கொண்டு அதே முற்றத்துக்குப் போங்கள். ஒன்பதரைக்கு, அதே லென்ஸ், கமரா அதே உயரம், அதே தூரம். இரு பக்கமும் யாராவது இரண்டு பேரை நிற்கவிட்டு எடுங்கள், அவர்களின் நிழல் இவர் மேல் விழ வேண்டும். கிரவலில் பட்டுத் தெறிக்கும் சிவப்பு வேட்டிக் கரையிலும் நாடிக்கு அடியிலும் விழும். அதைக் கையால் பூசவும் வேண்டாம், கருவி கற்பனை பண்ணவும் வேண்டாம். காலடி நிழலும் சும்மா கிடைக்கும். இப்போது மிஞ்சுவது முகம் மட்டும்.

அட்டைப் படம் சின்னது என்று பயப்பட வேண்டாம். அதில் முகம் இரண்டு சென்ரிமீற்றர் உயரம் இருக்குமா? 1200 டிபிஐயில் ஸ்கான் பண்ணினால் ஏறக்குறைய 945 பிக்சல். உங்களுக்குத் தேவை 320. மூன்றில் ஒரு பங்காய்ச் சுருங்கும்போது லமினேற் கீறல், கடதாசிச் சொரசொரப்பு எல்லாம் பெரும்பாலும் மறைந்துவிடும். 12க்கு 18 பிறின்ரில் அவர் தலை ஒரு அங்குலத்துக்குக் கிட்டத்தான் வரும். அட்டையில் இருக்கிற அளவை விடக் கொஞ்சம்தான் கூட. ஆகவே ஏஐ வைத்துப் பெரிதாக்கித் துலக்கும் வேலை ஒன்றும் வேண்டாம். முகம் மாறத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

அட்டைப் படம் நேர் முன் வெளிச்சத்தில் எடுத்ததாய் இருக்கும், முகத்தில் நிழலே இருக்காது. அது அதிர்ஷ்டம். நிழல் இல்லாத முகத்தில் நிழல் வைக்கலாம், தப்பான பக்கம் விழுந்த நிழலை எடுப்பது பெரும்பாடு. 50 வீதச் சாம்பல் நிரப்பிய ஒரு லேயரை `Soft Light`இல் வைத்து, தூரிகையை ஆறேழு வீதத்துக்கு இறக்கி, வலது கன்னம், புருவத்துக்குக் கீழ், மூக்குக்குக் கீழ் மெல்ல மெல்ல இருட்டாக்குங்கள். எங்கே எவ்வளவு என்பதற்குத் தம்பிக்காரரின் சொந்த முகம் பக்கத்தில் திறந்திருக்கட்டும்.

நிறத்துக்கும் அவர்தான். அவர் முகத்தில் வெளிச்சமான இடம், நடுத்தரம், நிழல் என்று மூன்று இடத்தில் நிறம் எடுத்து அதை ஒரு `Gradient Map` ஆக்கி, `Color` முறையில் கறுப்பு வெள்ளை முகத்தின் மேல் வையுங்கள். உதடும் கண் வெள்ளையும் தனியாக. காதும் கழுத்தும் தம்பிக்காரருடையதே இருக்கட்டும், காதில் அடையாளம் எதுவும் இல்லை என்று அக்கா சொன்னால்.

கொக்கிளாய் | செவ்வாய், இரவு 9.10

தருமபுரத்துக்குப் போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வட்டக்கச்சிக்கு ஓட, பெற்றோல் காசை யார் தருவது? நல்ல யோசனைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தம்பியைக் கேட்பவர்கள் எல்லோருக்கும் சித்தப்பா ஒருவர் கிடைக்க மாட்டார்.

வவுனிக்குளத்தான் | செவ்வாய், இரவு 9.25

அதுவும் உண்மை. சித்தப்பா இல்லாவிட்டால் உங்கள் உடம்பில் வேட்டியைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள், நான் அப்படி நாலு பேருக்கு உடம்பாய் நின்றிருக்கிறேன். முற்றமும் கிடைக்காவிட்டால்தான் உடம்புக்கு ஜெனரேட்டர். அதையும் முகத்துக்குக் கிட்ட விடாமல்.

கரைச்சிப்பெடியன் | வியாழன், இரவு 11.30

போய் எடுத்து வந்தேன். மேகம் மூடி இருந்ததால் பத்து மணி வரை காத்திருந்தோம், பிறகு நல்ல வெயில். உடம்பைப் பழைய படத்தில் கொண்டுபோய் வைத்து மாஸ்க் பண்ண இருபது நிமிடம்கூட எடுக்கவில்லை. நிழலே தானாய்ப் பொருந்தியது, சிரிப்பு வந்துவிட்டது. முகத்துக்கு ஒன்றரை மணித்தியாலம்.

இப்போது பிரச்சினை கழுத்து. சித்தப்பாவின் கழுத்துக்கும் அண்ணரின் நாடிக்கும் நடுவில் ஒரு கோடு, எவ்வளவு மென்மையாக்கினாலும் தெரிகிறது. தலைமயிர் ஓரமும் தொப்பி போட்ட மாதிரி. அதற்காக ComfyUI என்ற ஜெனரேட்டர் மென்பொருளில் கழுத்தையும் மயிர் ஓரத்தையும் மட்டும் மாஸ்க் பண்ணி 0.4இல் விட்டேன். கோடு போய்விட்டது, அருமையாய் வந்தது. ஆனால் முகமும் கொஞ்சம் மாறின மாதிரி ஒரு சந்தேகம். மாஸ்க்குக்கு வெளியே தானே முகம் இருக்கிறது? என் கண்தான் பிழையோ தெரியவில்லை.

வவுனிக்குளத்தான் | வெள்ளி, காலை 5.50

கண் பிழை இல்லை. நிச்சயப்படுத்த ஒரு வழி: ஜெனரேட்டருக்குக் கொடுக்க முன் இருந்த படத்தையும் வந்த படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாய் வைத்து, மேல் லேயரை `Difference` ஆக்குங்கள். மாறாத இடம் முழுக் கறுப்பாய் இருக்கும். அதற்கு மேல் ஒரு கேர்வ்ஸ் லேயர் வைத்து நன்றாய் வெளுக்க விடுங்கள், சின்ன மாற்றமும் பேய் மாதிரித் தெரியும்.

உங்களுக்கு முகத்தில் கண்ணும் வாயும் கோடாய்த் தெரியும் என்று நினைக்கிறேன். மாஸ்க் எங்கே வைத்தாலும் கருவிக்குள் போகிற முழுத் துண்டும் அந்த எட்டுக்கு எட்டுக் கட்டங்களாய்ச் சுருங்கித் திரும்ப விரிகிறது. அந்தச் சுருக்கி விரிப்பதிலேயே நுணுக்கம் கொஞ்சம் போகும். சில மென்பொருள் மாஸ்க்குக்கு வெளியே அசலைத் தானே திரும்ப ஒட்டிவிடும். ComfyUIஇல் கடைசியில் `ImageCompositeMasked` கணுவை நீங்கள் வைத்தால்தான் நடக்கும். அதை விட இலகு, வந்த படத்தைப் போட்டோஷொப்பில் தனி லேயராய் வைத்து, கழுத்தும் மயிர் ஓரமும் தவிர மற்றதை மாஸ்க்கில் மறைப்பது.

இன்னொன்று பாருங்கள். 100 வீதத்தில் மணப்பெண்ணின் கன்னத்தையும் இவர் கன்னத்தையும் பக்கத்தில் வைத்தால் இவர் கன்னம் அதிக சுத்தமாய் இருக்கும். சுருக்கியதால் பொடிப் புள்ளி எல்லாம் போய்விட்டது, மற்றவர்களில் கமரா போடும் பொடிப் புள்ளி இருக்கிறது. `Add Noise` 2 வீதம் போல, `Monochromatic` போட்டு, அதன் மேல் அரைப் பிக்சலுக்குக் குறைவாய் மங்கல். பிறின்ரில் இது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இல்லாவிட்டால் ஏதோ ஒன்று உறுத்தும்.

முறிப்பான் | வெள்ளி, காலை 7.30

`Difference` வைத்து என் பழைய வேலை மூன்றைப் பார்த்தேன். மூன்றிலும் முகம் மாறியிருக்கிறது. 0.3இல்தான். ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஆனால் போட்டோஷொப்பில் இப்போது வந்திருக்கும் `Harmonize` பரவாயில்லை அல்லவா? ஒரு சொடுக்கில் நிறமும் நிழலும் போட்டுத் தருகிறது.

வவுனிக்குளத்தான் | வெள்ளி, காலை 8.05

மேசைக்கும் போத்தலுக்கும் நல்லது. முகத்தை `Difference`இல் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

கரைச்சிப்பெடியன் | வெள்ளி, இரவு 9.15

பார்த்தேன், முகம் தெரிந்தது, கண்ணும் வாயும்தான். அசல் முகத்தைத் திரும்ப மேலே வைத்து முடித்துவிட்டேன். கொம்பியூட்டரில் இருந்த நேரம் எல்லாமாய் இரண்டரை மணித்தியாலம். போக்குவரத்தை இதில் சேர்க்கவில்லை, கொக்கிளாய் அண்ணை சிரிக்க வேண்டாம்.

சின்னப் பிறின்ற் ஒன்று போட்டு அக்காவிடம் காட்டினேன். "அவர்தான்" என்றா. பிறகு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேறொன்று சொன்னா. அட்டைப் படம் எடுக்கும்போது அவருக்கு முப்பத்திரண்டு வயதாம். அக்காவுக்கு இப்போது ஐம்பத்தைந்து. படத்தில் மகளுக்கு அண்ணன் மாதிரி நிற்கிறார். கனடாவில் இருந்து வந்த மகன் அப்பாவைக் கொஞ்சம் வயதாக்கித் தரச் சொல்கிறார், நரை, கண்ணுக்குக் கீழ் சுருக்கம். அக்கா வேண்டாம் என்கிறா.

வயதாக்குவதென்றால் கையால் எனக்கு வராது, ஜெனரேட்டர்தான். அது செய்யும், நன்றாகவே செய்யும்.

பாலையடி | வெள்ளி, இரவு 9.50

செய்யாதீர்கள் அண்ணா. அவர் ஐம்பது வயதில் எப்படி இருந்திருப்பார் என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு ஆள் இருந்ததே இல்லை.

வவுனிக்குளத்தான் | சனி, காலை 6.00

நான் முழுதாய் ஒத்துக்கொள்ள மாட்டேன் பிள்ளை. அவர் அந்த முற்றத்தில் நின்றதும் இல்லைத்தானே. மகன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. நான் என்றால் காதோரம் நரையை மட்டும் கையால் வைப்பேன். `Soft Light`இல் இன்னொரு சாம்பல் லேயர், மயிர்த் தடிப்பில் தூரிகை, பத்து நிமிடம். முகத்தைத் தொட மாட்டேன். அது போதுமா என்று எனக்கும் தெரியவில்லை.

கரைச்சிப்பெடியன் | சனி, இரவு 8.30

நரை வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று, இரண்டும் 12க்கு 18இல் அடித்துக் கொடுத்தேன். நரை வைத்தது கனடாவுக்குப் போகிறது. மற்றதை அக்கா கொண்டுபோய்விட்டா. ஜெனரேட்டரில் வயதாக்கியதும் ஒன்று செய்து பார்த்தேன், காட்டவில்லை.

மாங்குளம்சந்தி | சனி, இரவு 8.55

எல்லாம் சரி, என் மாமாவின் மூடின கண்?

வவுனிக்குளத்தான் | சனி, இரவு 9.20

அதே இடத்தில் அடுத்தடுத்து எடுத்த படம் வேறு இருக்கிறதா? ஏதாவது ஒன்றில் கண் திறந்திருக்கும். இரண்டையும் ஒரே கோப்பில் லேயராய்ப் போட்டு, இரண்டையும் தெரிவு செய்து `Auto-Align Layers` கொடுங்கள். கண் திறந்த படம் மேலே, அதற்குக் கறுப்பு மாஸ்க், மாமாவின் தலை மட்டும் வெள்ளைத் தூரிகையால் திறந்தால் போதும். ஐந்து நிமிடம். தலை சாய்ந்திருந்தால் சட்டைக் கழுத்து வரைக்கும் சேர்த்து எடுங்கள்.

மாங்குளம்சந்தி | சனி, இரவு 9.40

இருக்கிறது அண்ணை, ஆறு படம். ஆறிலும் மாமா கண் மூடித்தான்.

வவுனிக்குளத்தான் | சனி, இரவு 9.45

அன்றைக்கே எடுத்த வேறு படங்களில் பாருங்கள். சாப்பாட்டுப் பந்தியில் ஒருவரும் கண் மூடுவதில்லை.